‘நோ ரீஃபண்ட்’ என்று எழுதியும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார்கள்: ஒரு வழக்கறிஞரின் பதில்

கேள்வி: நான் திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தபடியே பிறந்தநாள் பலூன் டெக்கரேஷன் செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, கீழே இப்படி எழுதுவேன்: “பேசிக் தீம் 5,500. யூனிகார்ன் தீம் 9,000. ஜங்கிள் தீம் 14,000. செட்டப் டைம் 3 மணி நேரம். அட்வான்ஸ் 50%. நோ ரீஃபண்ட்.” அந்தப் பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பித்தான் ஒரு குடும்பம் ஜங்கிள் தீம் கேட்டார்கள். போனில் பேசி முடித்து, 7,000 ரூபாய் ஜிபே செய்தார்கள். ஞாயிறு விழா. வியாழக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் என்று ரத்து செய்துவிட்டு, முழு அட்வான்ஸையும் கேட்கிறார்கள். நான் பெயர் போர்டு அடித்துவிட்டேன், விலங்கு கட்அவுட்டுக்கு வாடகை முன்பணம் கொடுத்துவிட்டேன். அந்த ஞாயிறு மாலைக்கு வேறொரு சின்ன ஆர்டர் வந்ததால் அதைச் செய்தேன். இப்போது, “சீட்டிங் கேஸ் கொடுப்போம், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவோம்” என்கிறார்கள். எனக்கு ஜிஎஸ்டி பதிவுகூடக் கிடையாது, அந்த கோர்ட்டு எனக்குப் பொருந்துமா? போன மாதம் இன்னொருவர், கேக் வெட்டும் நேரத்தில் வேலை முடியவில்லை என்று பாக்கித் தொகையில் 1,500 பிடித்துக்கொண்டார். மண்டபத்தையே தாமதமாகத்தான் திறந்துவிட்டார்கள். இரண்டிலும் என் பக்கம் நியாயம் இருக்கிறதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இரண்டிலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் ‘நோ ரீஃபண்ட்’ வரியால் வருகிற நியாயம் இல்லை அது. அந்த வரி உங்களை அதிகம் காப்பாற்றாது. உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஆர்டருக்காக நீங்கள் செய்த செலவுக் கணக்கு.

நீங்கள் இணைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்தேன். அதில் படமும், அதற்குக் கீழே தீம் விலைகளும்தான் தெரிகின்றன. ஜங்கிள் தீம் 14,000 என்ற இடத்தோடு எழுத்து மடிந்துவிடுகிறது. மிச்சத்தைப் படிக்க அதைத் தொட்டு விரிக்க வேண்டும். அட்வான்ஸ், ரீஃபண்ட் பற்றிய வரிகள் அந்த மடிப்புக்குள் இருக்கின்றன. “ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார்கள், அதனால் படித்திருப்பார்கள்” என்று நீங்கள் சொன்னால், எதிர்த் தரப்பு வக்கீல் அதே ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி, “இதில் அந்த வரி எங்கே?” என்று கேட்பார். போனில் பேசும்போதும் நீங்கள் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

விலைப்பட்டியலோடு போடும் பதிவு சட்டப்படி ஒரு அழைப்புதான். கடைக் கண்ணாடிக்குள் விலைச்சீட்டோடு பொருளை வைப்பது மாதிரி. “இந்தத் தேதிக்கு இந்தத் தீம் வேண்டும்” என்று அவர்கள் கேட்டு, நீங்கள் சரி என்று சொன்ன நொடியில்தான் ஒப்பந்தம் உண்டாகிறது. அந்த நேரத்தில் எந்தெந்த நிபந்தனைகள் அவர்கள் கண்ணிலோ காதிலோ பட்டனவோ, அவைதான் ஒப்பந்தத்துக்குள் வரும். பணம் வாங்கிய பிறகு, “என் பேஜில் போட்டிருக்கிறேனே” என்று காட்டுவது எடுபடுவது கஷ்டம்.

சரி, அந்த வரியை அவர்கள் படித்துவிட்டுத்தான் பணம் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 7,000 ரூபாயும் அப்படியே உங்களுடையது ஆகிவிடாது.

அட்வான்ஸில் எவ்வளவு உங்களுடையது?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒருவர் ஒப்பந்தத்தை மீறினால், அதனால் இயல்பாக ஏற்பட்ட நஷ்டத்தை மற்றவர் கேட்கலாம் என்கிறது 73-ஆவது பிரிவு. மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால், அந்தத் தொகையைத் தாண்டாமல், நியாயமான நஷ்டஈடு மட்டும் கிடைக்கும் என்கிறது 74. அதாவது நீங்கள் எழுதிவைத்த தொகை ஓர் உச்சவரம்புதான். அதற்குள் நியாயமானது எவ்வளவு என்பதை நீதிமன்றம் பார்க்கும். நஷ்டத்தைக் கணக்கிட்டுக் காட்டவே முடியாத இடங்களில் எழுதிவைத்த தொகையை ஏற்பதுண்டு. பலூன் டெக்கரேஷன் அப்படிப்பட்ட வேலை இல்லை, ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் இருக்கும்.

இதில் உச்சநீதிமன்றம் 2015-இல் சொன்ன ஒரு தீர்ப்பு உங்கள் கதைக்கு மிக நெருக்கமானது. தில்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனையை 1982-இல் ஏலம் விட்டது. 3.12 கோடிக்குக் கேட்ட நிறுவனம் கால் பங்கை, அதாவது 78 லட்சத்தை, முன்பணமாகக் கட்டியது. மீதிப் பணம் விவகாரத்தில் இழுபறியாகி, ஆணையம் அந்த 78 லட்சத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. பிறகு அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தை மீறியதே ஆணையம்தான் என்று சொன்னது. அதோடு, நஷ்டமே இல்லாத இடத்தில் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்றும் சொல்லி, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. உங்களிடம் அதே ஞாயிறு மாலைக்கு இன்னொரு ஆர்டர் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஏன் இரண்டு முறை படித்தேன் என்பது இப்போது புரியும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் தனியாக அனுப்பிய செலவுத் தாளின்படி, ஜங்கிள் தீம் முழுதாக நடந்திருந்தால் பெயர் போர்டு 1,900, பலூன் 2,200, விலங்கு கட்அவுட் வாடகை 2,000, உதவியாளர் இருவர் 1,600, வண்டி 1,200 ஆக மொத்தம் 8,900 செலவு. 14,000-இல் இதைக் கழித்தால் உங்களுக்கு நின்றிருக்க வேண்டிய லாபம் 5,100.

வியாழக்கிழமை வரை உண்மையில் கையைவிட்டுப் போனது எவ்வளவு? பெயர் போர்டு 1,900 முழுதும் போனது. குழந்தையின் பெயரை வெட்டிய போர்டை வேறு யாருக்கும் வைக்க முடியாது. கட்அவுட் கடைக்காரர் திருப்பித் தராத முன்பணம் 1,000. உதவியாளர் ஒருவருக்குக் கொடுத்த 500. கூட்டினால் 3,400. பலூனை இதில் சேர்க்காதீர்கள். நீங்கள் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. வெயில் படாமல் வைத்தால் அடுத்த ஆர்டருக்கு ஆகும். ஊதிக் கட்டிய பிறகு ரத்தாகியிருந்தால் கதை வேறு, ஊதின பலூன் மறுநாளே மங்கிப் போய்விடும்.

இந்த 3,400-உடன் போன லாபம் 5,100-ஐச் சேர்த்தால் 8,500. இதிலிருந்து, அந்த மாலை செய்த சின்ன ஆர்டரில் உங்களுக்கு நின்ற 2,600-ஐக் கழிக்க வேண்டும். நஷ்டத்தைக் குறைக்க எடுத்த முயற்சியின் பலனையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்பது 73-ஆவது பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஒரே மாலையில் இரண்டு இடம் செய்யும் ஆள்பலம் உங்களிடம் இருந்திருந்தால் இதைக் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்களும் இரண்டு உதவியாளர்களும்தான் என்கிறீர்கள், ஆகவே கழியும். மிஞ்சுவது 5,900. அதன்படி 7,000-இல் நீங்கள் திருப்பித் தர வேண்டியது 1,100.

இது நீங்கள் வாதாடக்கூடிய அதிகபட்சம். குறைந்தபட்சம் என்று ஒன்று உண்டு. லாபக் கணக்கு உங்கள் வாய்ச்சொல்லாகத்தான் நிற்கும். போர்டுக்கும் கட்அவுட்டுக்கும் பில் இருக்கிறது. நான் பார்த்த வரையில், சின்னத் தொகை வழக்குகளில் பில் உள்ள செலவுக்குக் கிடைக்கிற மரியாதை லாபத்துக்குக் கிடைப்பதில்லை. அப்படிப் பார்த்தால் 3,400 உங்களுக்கு, 3,600 அவர்களுக்கு. ஆக, பேச்சுவார்த்தை நடக்க வேண்டிய இடம் 1,100-க்கும் 3,600-க்கும் நடுவில். முழு 7,000 என்கிற அவர்கள் பிடிவாதமும் தப்பு, ஒரு பைசா கிடையாது என்கிற உங்கள் பிடிவாதமும் தப்பு.

குழந்தையின் காய்ச்சல் பற்றியும் ஒரு வார்த்தை. நடத்தவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்று 56-ஆவது பிரிவு சொல்வதை யாராவது அவர்களுக்குச் சொல்லக்கூடும். 2020 ஊரடங்கில் அரசு உத்தரவால் மண்டபங்கள் மூடப்பட்ட மாதிரி நிலைமைக்கு அது பொருந்தும். அங்கே வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதுதான் முறை. காய்ச்சல் அப்படியில்லை. டெக்கரேஷன் செய்ய முடிந்திருக்கும், அவர்களுக்கு விழா வேண்டாமென்று ஆகிவிட்டது. வருத்தமான காரணம்தான், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அவர்கள் தரப்பு ரத்து. மாறாக, நாளைக்கு நீங்களே கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொன்னால், முழு அட்வான்ஸோடு, அவர்கள் அவசரத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக் கூடுதலாகக் கொடுத்த பணமும் உங்கள் தலையில் விழும்.

பணம் பேசும் முன் கேட்க வேண்டியது

விழா ரத்தா, தள்ளிவைப்பா என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. உங்கள் போர்டில் குழந்தையின் பெயரும் ‘1’ என்ற எண்ணும்தான் இருக்கின்றன, தேதி இல்லை. அடுத்த மாதம் கொண்டாடினாலும் அதே போர்டு ஆகும். தேதி மாறுகிறது என்றால் உங்கள் நஷ்டத்தில் 1,900 அங்கேயே இறங்கிவிடும், அட்வான்ஸை அப்படியே புதுத் தேதிக்கு வைத்துக்கொள்ளலாம். கட்அவுட் கடைக்காரரிடம் போன ஆயிரத்தை மட்டும் கூடுதலாகக் கேட்கலாம். இரண்டு தரப்புக்கும் இதுதான் மலிவு.

விழாவே வேண்டாம் என்றால், போனில் சண்டை போடாமல் எழுத்தில் இப்படி அனுப்புங்கள்: “குழந்தை நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன். உங்கள் ஆர்டருக்காகச் செலவானது: பெயர் போர்டு 1,900, கட்அவுட் முன்பணம் 1,000, உதவியாளருக்கு 500. பில் படங்கள் இத்துடன். அன்று மாலைக்கான வேலை இழப்பில் ஒரு சிறு பகுதி 600. 7,000-இல் இவை போக 3,000 திருப்பித் தருகிறேன். சம்மதம் என்றால் ஜிபே எண் அனுப்புங்கள்.” மூவாயிரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது நீங்கள் தோற்றாலும் ஏறக்குறைய கொடுக்க வேண்டியிருக்கும் தொகை. வழக்குக்குப் போகிற ஒரு நாளின் வேலை இழப்பு அதைவிட அதிகம். அவர்கள் மறுத்தாலும் இந்தச் செய்தி உங்களுக்கு நல்ல சாட்சி.

அவர்கள் சொல்லும் மிரட்டல்கள்

சீட்டிங் என்பது வராது. ஏமாற்றுதல் குற்றமாக, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நீங்கள் போர்டு அடித்து, கட்அவுட்டுக்கு முன்பணம் கட்டியதே அந்த எண்ணம் இல்லை என்பதற்குச் சான்று. காவல் நிலையத்திலிருந்து அழைத்தால் பில்களை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், பயந்து போய் அங்கேயே எதையும் எழுதிக்கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் ஆணையம் வேறு விஷயம், அது உங்களுக்குப் பொருந்தும். ஜிஎஸ்டி பதிவு இல்லாததும் வீட்டிலிருந்து செய்வதும் அங்கே பேச்சே இல்லை. காசுக்குச் சேவை கொடுத்தால் போதும். அவர்கள் தங்கள் ஊரில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையான தொகைக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கால அவகாசம் இரண்டு ஆண்டு. இவ்வளவு சுலபம் என்பதால்தான் அந்த மிரட்டலை லேசாக எடுக்க வேண்டாம் என்கிறேன். ஏற்பட்ட நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதம் விதிக்கும் நிபந்தனையை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற ஒப்பந்தங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. பில்லோ ரசீதோ கொடுக்காமல் இருப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம். நீங்கள் 7,000-க்கு ரசீது கொடுக்கவில்லை, இல்லையா? இன்றைக்கே ஒரு ரசீதுப் புத்தகம் வாங்குங்கள்.

ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். கூடுதலாக 15 நாள் கேட்கலாம். அதைத் தாண்டினால் ஒரு நாள்கூட நீட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்சநீதிமன்றம் 2020-இல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. நல்ல வழக்கு இருந்தும் நோட்டீஸை டிராயரில் போட்டு வைத்துத் தோற்றவர்கள் நிறைய.

அந்த மூன்று மணி நேரம்

மண்டப விவகாரத்தில் உங்கள் நிலை இன்னும் பலமானது. வேலையை முடிக்கத் தேவையான வசதியைச் செய்து தராதவர், அதனால் முடியாமல் போன பகுதிக்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு அச்சு அசலாக இதைத்தான் சொல்கிறது. மண்டபத்தை ஏற்பாடு செய்தது வாடிக்கையாளர். மதிய விசேஷக்காரர்கள் காலி செய்ய நேரமாகி, இரண்டு மணிக்குத் திறக்க வேண்டியது நாலரைக்குத் திறந்தது. ஆறு மணிக்குக் கேக். உங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்.

சிக்கல் எங்கே என்றால், “செட்டப் டைம் 3 மணி நேரம்” என்ற வரியை நீங்கள் ஒரு மாதிரியும் அவர் ஒரு மாதிரியும் படித்திருக்கிறீர்கள். காலி இடம் கைக்கு வந்து மூன்று மணி நேரம் வேண்டும் என்பது உங்கள் எண்ணம். எப்போது விட்டாலும் அதிகபட்சம் மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், விரட்டினால் சீக்கிரமே முடிப்பார்கள் என்பது அவர் எண்ணம். ஸ்டாண்டு பொருத்தி, மோட்டாரில் பலூன் ஊதி, ஸ்ட்ரிப்பில் கோத்து, பேக்டிராப்பில் ஒட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று வெளியாளுக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு வாசலில் நின்றீர்கள் என்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? வாடிக்கையாளருக்கு மூன்று முறை போன் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அழைப்புப் பட்டியலை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளானால் போனிலிருந்து அழிந்துவிடும். வண்டிக்காரரிடம் அன்றைய நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இவற்றோடு, “மண்டபம் 4.30-க்குத் திறந்ததால் தாமதம், பாக்கி 1,500-ஐத் தந்துவிடுங்கள்” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். 1,500 ரூபாய்க்காக சிவில் வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். மறுத்தால் வட்ட சட்டப்பணிகள் குழுவில் ஒரு மனு கொடுக்கலாம், செலவில்லாமல் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். இனிமேல் இப்படி நடந்தால், பூட்டிய கதவைப் படம் எடுத்து, “வந்துவிட்டோம், இன்னும் திறக்கவில்லை” என்று அந்த நிமிடமே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். அந்த ஒரு படம் இருந்திருந்தால் அவர் 1,500-ஐப் பிடித்திருக்கவே மாட்டார் என்பது என் எண்ணம்.

பதிவை எப்படி எழுதலாம்

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜங்கிள் தீம் 14,000 என்று போட்டிருக்கும் படம் நீங்கள் செய்த வேலைதானா? கூரை வரை ஏறும் பலூன் வளைவும், ஆள் உயர ஒட்டகச்சிவிங்கியும், இரண்டு கேக் மேசையும் இருக்கின்றன. உங்கள் செலவுத் தாளில் அந்த அளவுக்குப் பலூன் இல்லை. இணையத்தில் எடுத்த படமாக இருந்தால், விலையோடு சேர்த்துப் போடுவது தவறான விளம்பரம் என்ற புகாருக்கு வாசல் திறக்கும். உங்கள் சொந்தப் படத்தைப் போடுங்கள், கொஞ்சம் எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை.

வாசகம் இப்படி இருக்கலாம்:

“ஜங்கிள் தீம் 14,000. படத்தில் உள்ளபடி: 8 அடி பேக்டிராப், பலூன் வளைவு, 4 விலங்கு கட்அவுட், பெயர் போர்டு. கேக் மேசை தனி.
இடம் காலியாக எங்கள் கைக்கு வந்த நேரத்திலிருந்து 3 மணி நேரம் வேண்டும். தாமதமாகக் கிடைத்தால் முடிப்பதும் அந்த அளவு தாமதமாகும்.
அட்வான்ஸ் 50%, ரசீது உண்டு. 10 நாளுக்கு முன் ரத்து செய்தால் போர்டு அடித்த செலவு போக முழுதும் திரும்பும். 10 முதல் 4 நாளுக்குள் என்றால் பாதி. கடைசி 3 நாளில் திரும்பாது. தேதி மாற்றம் ஒரு முறை இலவசம். நாங்கள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும்.”

நாள் கணக்கை உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். போர்டுக்கு எப்போது ஆர்டர் கொடுக்கிறீர்கள், கட்அவுட்டுக்கு எப்போது முன்பணம் கட்டுகிறீர்கள், எத்தனை நாள் மிச்சமிருந்தால் வேறு ஆர்டர் பிடிக்க முடியும் என்பதை வைத்துத்தான் அந்த எண்களைப் போட வேண்டும். அப்படிப் போட்டால், யாராவது கேள்வி கேட்கும்போது ஏன் பாதி, ஏன் 10 நாள் என்று காரணம் சொல்ல உங்களால் முடியும். காரணம் சொல்ல முடிகிற நிபந்தனையைத்தான் 74-ஆவது பிரிவு தாங்கும்.

இதைப் பதிவில் போட்டால் மட்டும் போதாது, மடிப்புச் சிக்கல் திரும்பவும் வரும். ஆர்டர் பேசி முடித்ததும் இதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, தேதி, நேரம், மண்டபம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் சேர்த்து, அவர்கள் “சரி” என்று பதில் போட்ட பிறகு மட்டும் ஜிபே எண்ணைக் கொடுங்கள்.